185 டாலர் கிரைண்டர் டர்பன் வீட்டுச் சாக்கெட்டுக்கு வந்து சேரும்போது

ஹூஸ்டனில் ஓர் இந்தியக் கடையில் இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர். விலைச் சீட்டில் 185 டாலர். என் சித்தி மகள் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அவள் பிறந்தது கோயம்புத்தூர், வாழ்க்கைப்பட்டது டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில். மாப்பிள்ளையின் வேலைக்காகச் சில ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்துவிட்டு, இப்போது பிள்ளைகளோடு டர்பனுக்கே திரும்புகிறார்கள். நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்ப்பதால், சொந்தக்காரர்கள் யார் எதை வாங்குவதாக இருந்தாலும் கேள்வி என்னிடம்தான் வரும்.

"அண்ணா, இதை அங்க கொண்டு வந்து சேர்க்க எவ்வளவு ஆகும்? கஸ்டம்ஸ்ல தீட்டிடுவாங்களாமே, அவங்க அம்மா பயமுறுத்துறாங்க."

எல்லாரும் முதலில் பயப்படுவது சுங்கவரிக்குத்தான். இந்த கிரைண்டர் விஷயத்தில் வரி கடைசிக் கவலை. ஆனால் அதைச் சொன்னால் நம்ப மாட்டாள், கணக்குப் போட்டுக் காட்டினால்தான் நம்புவாள். அதனால் போட்டேன். டாலருக்கு 18 ரேண்ட் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அறிக்கை தாக்கல் செய்யும்போது நம் வங்கி சொல்லும் விகிதம் செல்லாது, சார்ஸ், அதாவது தென்னாப்பிரிக்க வருவாய்த் துறை, வெளியிடும் விகிதம்தான் செல்லும். வீட்டுக் கணக்குக்கு இந்தப் பதினெட்டு போதும்.

முதலில் கடை விலை. 185 டாலர் என்பது சீட்டில் இருப்பது. பில் போடும்போது ஹூஸ்டனின் விற்பனை வரி 8.25 விழுக்காடு சேர்ந்து 200 டாலர் ஆகிவிடும். அமெரிக்காவில் சீட்டு விலையில் வரி சேர்ந்திருக்காது. இங்கே டர்பனில் கடையில் ஒட்டியிருக்கும் விலையில் வாட் அடக்கம். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒப்பீடு ஆரம்பத்திலேயே சாய்ந்துவிடும். ஆக, நம் முதல் எண் 200 டாலர், 3,600 ரேண்ட்.

இதைக் கூரியரில் தனியாக அனுப்பினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். கிரைண்டரின் எடை 14 கிலோ. கல் இருக்கிற பொருள், இதற்கு எடைதான் கணக்கு, அளவு எங்கே வரப்போகிறது என்று தோன்றும். கடைப் பெட்டியோடு பார்த்தால் சரிதான்: 40 x 40 x 35 செண்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5,000 ஆல் வகுத்தால் 11.2 கிலோ. விமானக் கூரியர்கள் எடையையும் இந்தக் கன அளவு எடையையும் பார்த்து, எது கூடுதலோ அதற்குத்தான் காசு வாங்குவார்கள். ஆனால் கல்லை வெறும் கடைப் பெட்டியில் அனுப்பினால் டிரம் நசுங்கித்தான் வரும். நுரைத் தகடு வைத்து இன்னொரு பெட்டிக்குள் போட்டால் 50 x 50 x 45. இப்போது கணக்கு 22.5 கிலோ. உள்ளே கூடியது காற்றும் தெர்மகோலும்தான், அதற்கும் கிலோ கணக்கில் காசு. அவர்களுக்குக் கிடைத்த விலை 260 டாலர். கிரைண்டரை விட அதை அனுப்பும் செலவு அதிகம்.

இனி வரி. இந்தியாவில் சாமான் இறக்கிப் பழகியவர்கள் இங்கே தடுமாறும் இடம் இது. இந்தியச் சுங்கத்தில் பொருளின் விலையோடு சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து, அந்தத் தொகைக்குத்தான் வரி போடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் பொருள் ஏற்றுமதி நாட்டில் கப்பலிலோ விமானத்திலோ ஏறும் வரை ஆன விலைக்குத்தான் சுங்கவரி. கடல் தாண்டி வரும் கட்டணம் அதில் வராது. ஆகவே 260 டாலர் கூரியர் கட்டணத்துக்கு வரி கிடையாது. அப்படி ஒரு நல்ல காரியம். ஆனால் வாட் போடும்போது ஒரு சின்னக் கூட்டல் உண்டு: சுங்க மதிப்பின் மேல் 10 விழுக்காடு ஏற்றி, அதோடு சுங்கவரியையும் சேர்த்து, அந்த மொத்தத்துக்கு 15 விழுக்காடு. நேராக விலைக்குப் பதினைந்து என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் எப்போதும் குறைத்தே போடுவார்கள்.

சுங்கவரி விகிதம் என்ன என்பதைக் கட்டணப் பட்டியலில் பொருளுக்குரிய எண்ணைப் பிடித்து, சரியான நெடுவரிசையில் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு நெடுவரிசை, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஒன்று, அந்த மாதிரி ஒப்பந்தம் எதுவும் இல்லாதவர்களுக்குப் பொது நெடுவரிசை. எந்த நாட்டில் வாங்கினோம் என்பதல்ல, எந்த நாட்டில் செய்தது என்பதுதான் இதில் கேள்வி. ஹூஸ்டனில் வாங்கினாலும் அந்த கிரைண்டரின் அடியில் "மேட் இன் இந்தியா" என்றுதான் இருக்கிறது. இந்தியாவும் பொது நெடுவரிசை, அமெரிக்காவும் பொது நெடுவரிசை என்பதால் இங்கே வித்தியாசம் இல்லை. ஜெர்மனியில் செய்த மாவு பிசையும் இயந்திரமாக இருந்தால் யோசிக்க இடம் இருந்திருக்கும், அதற்கும் அங்கே செய்ததற்கான சான்று வேண்டும்.

தங்கைக்குப் புரிவதற்காக விகிதத்தை 20 என்று வைத்துக்கொண்டு போட்டேன். 3,600க்கு 20 விழுக்காடு, 720. வாட்டுக்கு 3,600 மேல் பத்து ஏற்றினால் 3,960, அதோடு 720 சேர்த்தால் 4,680, அதில் 15 விழுக்காடு 702. வரி மொத்தம் 1,422 ரேண்ட். கூரியர்காரர் நமக்காக வரியைக் கட்டி வைத்ததற்கு ஒரு கட்டணம் தனியாகப் போடுவார், 350 என்று வைப்போம். ஆக 3,600 பொருள், 4,680 கூரியர், 1,422 வரி, 350 சேவை. 10,052 ரேண்ட்.

"பாத்தீங்களா, சொன்னேன்ல," என்றாள். வரியைச் சொல்கிறாள். பத்தாயிரத்தில் வரி ஏழில் ஒரு பங்குதான், பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கூரியர்காரருக்குப் போகிறது. அதுவும், குடியிருப்பை மாற்றிக்கொண்டு வரும் குடும்பம் எதற்காக ஒரு கிரைண்டரைக் கூரியரில் அனுப்ப வேண்டும்?

இங்கேதான் 407.06 வருகிறது. எங்கள் அலுவலகத்தில் இந்த எண்ணை ஆள் பெயர் மாதிரி சொல்வோம். குடியிருப்பை மாற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்கா வருகிறவர்கள், ஆறு மாதமோ அதற்கு மேலோ வெளியே இருந்துவிட்டுத் திரும்பும் இந்நாட்டுக்காரர்கள் உட்பட, தங்கள் சொந்த வீட்டுச் சாமானைச் சுங்கவரியும் வாட்டும் இல்லாமல் கொண்டு வரலாம் என்ற சலுகை அது. சொந்த உபயோகத்துக்காக இருக்க வேண்டும். வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் கூடாது. காரும் மதுவும் புகையிலையும் இதில் அடங்காது.

இந்தச் சலுகையில் தகராறு வருவது பெரும்பாலும் பட்டியலில்தான். மூட்டை கட்டுகிற நிறுவனம் பெட்டிக்கு மேல் "சமையலறைச் சாமான்" என்று மொத்தமாக எழுதிவிட்டுப் போய்விடும். திறந்து பார்க்கும் அதிகாரிக்கு உள்ளே சீல் உடைக்காத கடைப் பெட்டி கண்ணில் பட்டால், இது வீட்டுச் சாமானா, விற்கக் கொண்டு வந்ததா என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் கிடங்கு வாடகை ஏறும். அதனால் புதிதாக வாங்கிய எதையும் பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டு தடவையாவது மாவு ஆட்டி, கழுவி, நன்றாகக் காயவைத்துக் கட்டு என்று சொன்னேன். பட்டியலில் "கிரைண்டர், ஒன்று" என்று தனி வரி. பில்லைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லின் இடுக்கில் அரிசித் துணுக்கு காய்ந்து கிடந்தால் கப்பலில் வாரக்கணக்கில் போகும்போது பூஞ்சை பிடித்து, அந்தப் பெட்டியில் இருக்கிற துணிமணி எல்லாம் நாறும். வரியை விட இது பெரிய நஷ்டம்.

கப்பலில் மற்ற சாமானோடு போனால் கிரைண்டரின் பங்குச் செலவு என்ன? பெரிய பெட்டியே 0.1125 கன மீட்டர்தான். வீட்டு வாசல் வரை கொண்டு வந்து தர அவர்களுக்குச் சொன்ன விலை கன மீட்டருக்கு 6,500 ரேண்ட். கிரைண்டருக்கு ஏறத்தாழ 730. ஏற்கனவே அனுப்பும் சாமானில் இது ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான். துறைமுகக் கட்டணம், டெலிவரி ஆர்டர் கட்டணம் எல்லாம் மொத்தச் சரக்கின் மேல் வருபவை, கிரைண்டர் இல்லாவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னும் மலிவான வழி ஒன்று இருக்கிறது. விமானத்தில் கூடவே எடுத்து வருவது. பயணி ஒருவருக்கு 5,000 ரேண்ட் மதிப்புள்ள சாமானுக்கு வரி கிடையாது. அதற்கு மேல் அடுத்த 20,000 வரை ஒரே விகிதமாக 20 விழுக்காடு கட்டிவிட்டுப் போகலாம். குடும்பத்தில் நால்வர் இருக்கிறார்கள் என்று நாலு ஐயாயிரத்தையும் சேர்த்து 20,000 ரேண்ட் டிவிக்குக் கேட்க முடியாது, ஒருவருடையதை இன்னொருவருக்கு மாற்ற விட மாட்டார்கள். கிரைண்டர் 3,600தான், ஒருவரின் அளவுக்குள்ளேயே அடங்கிவிடும். 14 கிலோ கிரைண்டரும் அதைச் சுற்றித் துண்டும் போர்வையும் ஒரு 23 கிலோ பெட்டிக்குள் போய்விடும். டிக்கெட்டில் அந்தப் பெட்டி இருந்தால் கூடுதல் செலவு பூஜ்யம்.

ஆக, 10,052இல் ஆரம்பித்தது 3,600க்கு வந்து நின்றது. தங்கைக்கு ஒரே சந்தோஷம். "அப்போ வாங்கிடட்டுமா?"

"அடியில ஒரு தகடு ஒட்டியிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு" என்றேன்.

தகட்டில் இருந்தது: 110V, 60Hz, 150W. ஒரே ஓர் எண்தான் ஒவ்வொன்றுக்கும். லேப்டாப் சார்ஜரில் இருப்பது போல "100-240V, 50/60Hz" என்று இருந்தால் பேச்சே இல்லை, பிளக்கை மாற்றிச் செருகிவிடலாம். தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது மின் அலை நொடிக்கு ஐம்பது தடவை எழுந்து விழும். இந்த கிரைண்டரை நேராகச் செருகினால் சில நொடியில் மோட்டாரின் வைண்டிங் போய்விடும். இது எல்லாருக்கும் தெரியும். "ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கிப் போட்டா முடிஞ்சுது, இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள். முடியவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம்.

டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும். ஹெர்ட்ஸை மாற்றாது. 230ஐ 110 ஆக்கித் தரும், ஆனால் வெளியே வருவது அதே 50 ஹெர்ட்ஸ். கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அதன் வேகத்தைத் தீர்மானிப்பது ஹெர்ட்ஸ். நாலு துருவ மோட்டார் அமெரிக்காவில் நிமிடத்துக்கு 1,750 சுற்றுப் பக்கம் ஓடினால் இங்கே 1,450 பக்கம்தான் ஓடும். மாவு அரைக்க அரை மணி ஆனது முப்பத்தாறு நிமிடம் ஆகும். அது பரவாயில்லை, ஆறு நிமிடம் காத்திருக்கலாம்.

கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. மோட்டாரின் இரும்புக்குள் எவ்வளவு காந்தப் புலம் ஏறுகிறது என்பது வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் வருவதைப் பொறுத்தது. தகட்டில் இருக்கிறபடி 110ஐ 60ஆல் வகுத்தால் 1.83. இங்கே டிரான்ஸ்பார்மர் போட்டு 110ஐ 50ஆல் வகுத்தால் 2.2. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். மோட்டார் செய்கிறவர்கள் இரும்பை அளந்துதான் போடுவார்கள், காசு மிச்சம் பிடிக்க ஓரம் வரைக்கும் போயிருப்பார்கள். இந்தக் கூடுதல் புலத்தை அந்த இரும்பு தாங்காது. அரிசியே போடாமல் வெறுமனே ஓடினாலும் மின்னோட்டம் தேவைக்கு மேல் இழுக்கும், அத்தனையும் சூடாக மாறும். வேகம் குறைந்ததால் உள்ளே இருக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றி, காற்றும் குறைவாக வரும்.

இதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். முதல் அறிகுறி சத்தம்: அடித்தளத்திலிருந்து கனத்த ரீங்காரம் வரும், கல் உருளும் சத்தத்தை மீறிக் கேட்கும். பத்து, பதினைந்து நிமிடத்தில் அடிப்பகுதி கை வைக்க முடியாத சூடாகும். பிறகு வார்னிஷ் வாடை. சில கிரைண்டர்களில் அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பித்தான் இருக்கும், சூடு ஏறினால் அது துள்ளிக்கொண்டு வந்து மோட்டாரை நிறுத்திவிடும். "அரைச்சுக்கிட்டே இருக்கும்போது நின்னு போச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு ஓடுது" என்று சொல்கிறவர்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். அப்படிப் பல தடவை நின்று ஓடினால் வைண்டிங்கின் காப்புப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும்.

வழி இல்லாமல் இல்லை. 1.83 என்ற அந்த எண்ணைத் திரும்பக் கொண்டு வர வேண்டுமென்றால் 50 ஹெர்ட்ஸில் 92 வோல்ட் கொடுக்க வேண்டும். 92 வோல்ட் டிரான்ஸ்பார்மர் கடையில் கிடைக்காது. ஆனால் ஜப்பான் சாமானுக்காகச் செய்த 100 வோல்ட் டிரான்ஸ்பார்மர் கிடைக்கும், 100ஐ 50ஆல் வகுத்தால் 2. இன்னும் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் 110ஐ விட மோட்டார் குளிர்ச்சியாக ஓடும். டிரான்ஸ்பார்மர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை விஏ கணக்கில் போட்டிருப்பார்கள். மோட்டார் 150 வாட்தானே என்று 200 விஏ டிரான்ஸ்பார்மர் வாங்கக் கூடாது. புறப்படும்போது மோட்டார் பல மடங்கு மின்னோட்டம் கேட்கும், அப்போது சின்ன டிரான்ஸ்பார்மரில் வோல்ட் சரிந்து கல் நகராமல் உறுமிக்கொண்டே நிற்கும். 500 விஏ ஆவது வேண்டும். வெறும் டிரம்மை ஓடவிட்டு, வேகம் எடுத்த பிறகு அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பயணக் கடைகளில் விற்கும் உள்ளங்கை அளவு "கன்வெர்ட்டர்" இருக்கிறதே, அதைக் கிட்டேயே கொண்டு போகக் கூடாது. அது மின் அலையை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சாதனம், இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடாக்கும் பொருளுக்கு மட்டும் ஒத்துவரும்.

500 விஏ, 100 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்கு இங்கே ஒரு கடையில் 1,500 ரேண்ட் சொன்னார்கள். ஆக 3,600 மறுபடியும் 5,100 ஆனது. அடுப்பு மேடையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டியும் உட்கார்ந்திருக்கும், வேலை முடிந்ததும் யாராவது ஞாபகமாக அதைப் பிடுங்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் சும்மாவே சூடாகிக் கிடக்கும். மாமியார் தெரியாமல் கிரைண்டரை நேராகச் சுவரில் செருகிவிட்டால் அன்றோடு கதை முடிந்தது. அமெரிக்கப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு டிரான்ஸ்பார்மரோடு நிரந்தரமாகச் சேர்த்துவிடுவது ஒன்றுதான் அதற்குப் பாதுகாப்பு.

இதை எதோடு ஒப்பிடுவது? டர்பனில் இந்தியப் பாத்திரக் கடைகளில் எப்போதாவது 230 வோல்ட் கிரைண்டர் வருகிறது. ஒரு கடையில் இதே அளவு 4,200 ரேண்ட். உத்தரவாதமும் உண்டு. அதாவது இங்கே போய்க் கையில் தூக்கிக்கொண்டு வருவதை விட, கடல் தாண்டி இலவசமாகக் கொண்டு வருவது 900 ரேண்ட் அதிகம். வரி ஒரு காசு கட்டாமலே.

அப்புறம் சித்தப்பா ஞாபகம் வந்தது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க அவரும் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கிய பொருள், அங்கேயே சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு அதன் அமெரிக்கப் பதிப்பை ஹூஸ்டனில் பார்த்து விலை கேட்டிருக்கிறோம். அங்கே நல்ல டேபிள் டாப் 5,000 ரூபாய், ரேண்டில் சுமார் 1,000. இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சித்தப்பாவின் 5,000 ரேண்ட் சலுகையில் ஐந்தில் ஒரு பங்கு. டிரான்ஸ்பார்மர் வேண்டாம்.

பிளக் மட்டும் ஒரு சின்னச் சங்கதி. தென்னாப்பிரிக்காவின் பெரிய மூன்று உருண்டை முள் சாக்கெட்டும், இந்தியாவில் ஏசிக்கும் கீசருக்கும் போடும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் ஒரே பழைய பிரிட்டிஷ் அளவு. ஆனால் கிரைண்டரில் வருவது 6 ஆம்பியர் சின்னப் பிளக், அது இங்கே உள்ளே நிற்காது. ஐம்பது ரேண்டுக்குள் பிளக் வாங்கி மாற்றிவிடலாம். மாற்றும்போது பச்சைக் கம்பியை, அதாவது எர்த்தை, மேலே இருக்கும் பெரிய முள்ளில் சரியாகத் திருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரக் கையோடு தொடும் சாமான் இது.

தங்கை ஹூஸ்டன் கிரைண்டரை விட்டுவிட்டாள். கூடவே ரைஸ் குக்கரையும் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். சூடாக்கும் பொருளுக்கு ஹெர்ட்ஸ் தொல்லை இல்லை, ஆனால் அதன் முழு வாட்டையும் தாங்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அந்தக் காசுக்கு இங்கே புதுக் குக்கரே வாங்கிவிடலாம். லேப்டாப், போன் சார்ஜர், பிள்ளைகளின் டேப்லெட் எல்லாம் தகட்டைப் பார்த்துவிட்டு மூட்டையில் போட்டாயிற்று.

சித்தப்பாவுக்கு நான் சொன்னது கட்டும் முறை மட்டும்தான். உருளைக் கல்லை டிரம்முக்குள் விட்டுக் கட்டினால் பெட்டியைத் தூக்கிப் போடும் ஒவ்வொரு தடவையும் அது டிரம்மின் நடு அச்சில் மோதும். அச்சு இம்மி சாய்ந்தாலும் கல் ஒரு பக்கமாக உரசி, மாவில் கருப்பாகத் துகள் வரும். ஆகவே கல்லைக் கழற்றி, வேட்டியில் சுற்றி, பெட்டியின் அடியில் சக்கரப் பக்கம். டிரம்முக்குள் துணியைத் திணித்து, அடிப்பகுதியைச் சட்டைகளுக்கு நடுவில். பில் சட்டைப் பையில். கட்டி முடித்து வீட்டுத் தராசில் நிறுத்தபோது 22.4 கிலோ. ஒரு கிலோ நல்லெண்ணெய் வேறு வைக்க வேண்டும் என்று சித்தி பிடிவாதமாக நின்றதால், கடைசியில் இரண்டு சட்டை வெளியே வந்தது.